ரெண்டு கல்யாணம், ஒரு சுவீகாரம்: வம்ச மரத்தில் கோடு எங்கே இறங்கும்?

கோபி: எங்க அப்பாரு 1958-ல கட்டின சம்சாரம் 1964-ல தவறிட்டாங்க. 1966-ல கட்டினவங்க வீட்டுக்காரரை இழந்து, ஒரு பொண்ணோட வந்தவங்க. எல்லாரையும் ஒரே தாள்ல போட முடியுங்களா?

முடியும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். இடமிருந்து வலமாக நாலு பேரையும் ஒரே வரிசையில் வையுங்கள்: முதல் மனைவி, அப்பாரு, இரண்டாம் மனைவி, அவருடைய முந்தைய கணவர். இடையில் மூன்று திருமணக் கோடுகள் வரும். முந்தைய கணவர் வலக்கோடியில் நிற்பதால் வரிசையை வைத்துக் காலம் சொல்ல முடியாது. ஆகவே தெரிந்த ஆண்டை அந்தந்தக் கோட்டின் மேலேயே எழுதிவிடுங்கள்.

பிள்ளைகள் அவரவரைப் பெற்ற தம்பதியின் கோட்டிலிருந்து மட்டும் தொங்க வேண்டும். கூட வந்த பெண் வலக்கோடிக் கோட்டுக்குக் கீழே வருவார். எல்லாரையும் ஒரே கோட்டில் கட்டித் தொங்கவிட்டால், யார் எந்தத் தாய்க்குப் பிறந்தவர் என்பது அடுத்த தலைமுறைக்குத் தெரியாது.

1958 கோட்டை வெட்டிவிடாதீர்கள். திருமணக் கோட்டில் இரட்டை வெட்டு என்றால் விவாகரத்து, ஒற்றை வெட்டு என்றால் பிரிந்து வாழ்கிறார்கள். இறப்பை அந்த ஆளின் குறியிலேயே காட்டுவார்கள். மருத்துவ வம்சாவளிப் படத்தில் ஒரு சாய்கோடு, குடும்ப ஆலோசகர்கள் வரையும் படத்தில் பெருக்கல் குறி. ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு, தாளின் மூலையில் குறிவிளக்கம் எழுதுங்கள்.

பெருந்துறை: சுவீகாரப் பிள்ளைக்குத் துண்டுக்கோடு போட்டாப் போதும், பெத்தவங்ககிட்ட இருந்து கோடு இழுக்கவே கூடாது. அதுதானுங்களே முறை?

பாதி சரி. வளர்த்தவர்களிடமிருந்து துண்டுக்கோடு, பெற்றவர்களிடமிருந்து முழுக்கோடு, பிள்ளையின் குறிக்கு இருபுறமும் பகர அடைப்பு. பெற்றவர் யாரென்றே தெரியாதபோதுதான் முழுக்கோட்டை விடலாம். நம் பக்கம் அண்ணன் தம்பி பிள்ளையையே எடுப்பது அதிகம் என்பதால், பெற்றவர் அதே தாளில்தான் இருப்பார்.

கோபிக்காரர் கணக்கையே வைத்துப் பார்ப்போம். அப்பாரு 1962-ல் தன் அண்ணனின் இளைய மகனைச் சுவீகாரம் எடுத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் குடும்பம் இடப்பக்கம் இருக்கும். பையனை ஒரே ஒரு இடத்தில், பெற்றவர்களுக்குக் கீழேயே வரையுங்கள். இரண்டு வீட்டிலும் வரைந்தால் தலைக்கட்டு எண்ணும்போது ஓராள் கூடிவிடும். துண்டுக்கோடு 1958 திருமணக் கோட்டிலிருந்து கிளம்ப வேண்டும், 1966 கோட்டிலிருந்து அல்ல. 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவுப்படி, எடுக்கும்போது இருந்த மனைவியே வளர்ப்புத் தாய். பின்னால் வந்தவர் மாற்றாந்தாய். பலரும் சறுக்குகிற இடம் இது.

தாராபுரம்: அப்படீன்னா அந்தப் பையனுக்குப் பெத்தவர் தோட்டத்துல பங்கு வருமுங்களா?

படம் பங்கு சொல்லாதுங்க, அது வக்கீலிடம் கேட்க வேண்டியது. அதே சட்டத்தின் 12-ஆம் பிரிவு பொதுவாகப் பிறந்த வீட்டு உறவை அறுக்கிறது, ஆனால் அங்கே கட்டக்கூடாதவரை அதன்பிறகும் கட்டக்கூடாது என்கிறது. வேறு குலக் கூட்டத்திலிருந்து, அக்கா தங்கை மகனை எடுத்த வீடுகளில் இது முக்கியம். முழுக்கோட்டின் பக்கத்தில் பிறந்த கூட்டத்தையும், துண்டுக்கோட்டின் பக்கத்தில் வந்த கூட்டத்தையும் எழுதிவையுங்கள். பெண் பார்க்கும்போது இரண்டும் வேண்டும்.

பல்லடம்: எங்கம்மா சொந்தத் தாய்மாமனைக் கட்டினவங்க. அப்பச்சியும் மாமனாருமா நிக்கறவரை எங்க போடறது?

அப்பச்சி என்றால் அம்மாவைப் பெற்றவர், அவர் அம்மாவுக்கு மாமனார் ஆக மாட்டார். அப்பா, அம்மாவைப் பெற்ற அம்மிச்சியின் தம்பி என்பதால், அம்மாவின் மாமனார் அம்மிச்சியைப் பெற்றவர்தான். அப்பாவை அம்மிச்சி வரிசையில் வைத்து, அங்கிருந்து ஒரு படி கீழே அம்மாவுக்குச் சாய்வாக இரட்டைத் திருமணக் கோடு இழுங்கள். இரட்டைக் கோடு என்றால் ரத்த உறவில் கல்யாணம்.

ஈரோடு: கம்ப்யூட்டர்ல ஏத்தினா ஒரு தாய் தகப்பன்தான் தெரியறாங்க.

வம்சாவளி மென்பொருள்கள் தகவலைப் பரிமாறிக்கொள்ளும் GEDCOM 5.5.1 கோப்பில் சுவீகாரப் பிள்ளைக்கு இரண்டு குடும்பமும் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள்:

```
0 @I7@ INDI
1 FAMC @F1@
2 PEDI birth
1 FAMC @F3@
2 PEDI adopted
```

F1 பெற்ற குடும்பம், F3 எடுத்த குடும்பம். இரண்டும் இருந்தும் ஒன்றே தெரிந்தால், மென்பொருள் முதலில் உள்ளதை மட்டும் வரைகிறது. PEDI வரியே இல்லாவிட்டால் எது எந்த உறவு என்று அதற்குத் தெரியாது.

கோபி: கூட வந்த பொண்ணை அப்பாருதான் வளர்த்துக் கட்டிக்கொடுத்தாரு. சுவீகாரம்னு எதுவும் செய்யலை. அவரோட கோடு வேண்டாமுங்களா?

நான் போடமாட்டேன். சுவீகாரம் நடக்காதபோது துண்டுக்கோடு பொய் சொல்லும். பெயருக்குக் கீழே ‘அப்பாரு வளர்த்தவர்’ என்று எழுதினால் போதும். வளர்ப்புக்கென்று தனியாகப் புள்ளிக்கோடு போடுபவர்களும் உண்டு, குறிவிளக்கத்தில் சொல்லியிருந்தால் அதிலும் குற்றமில்லை.

பெருந்துறை: வளர்த்தவருக்கு ஒரு கோடு கூட இல்லைன்னா எப்படிங்க? நான் புள்ளிக்கோடுதான் போடுவேன்.

போடுங்கள். துண்டுக்கோட்டோடு குழம்பாதபடி புள்ளிகளை நன்றாக இடைவெளி விட்டு வையுங்கள். ஜெராக்ஸ் எடுத்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.