பையரை அவரிடமே திருப்பிக் கொடுங்கள்

அன்புள்ள அக்கா,

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் ஆர்டர் வந்ததிலிருந்து சரக்கு கிளம்பும்வரை கவனிக்கும் மெர்ச்சண்டைசிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் பிரிவில் இருக்கும் பெண் பிரசவ விடுப்பு 26 வாரமும் முடிந்து அடுத்த மாதம் வேலைக்கு வருகிறார். குழந்தைக்கு ஐந்து மாதம். அவர் பார்த்துவந்த பையரை, அதாவது எங்களுக்கு ஆர்டர் தரும் நிறுவனத்தை, இப்போது இன்னொரு பையன் பார்க்கிறான். வந்ததும் சிரமப்படுத்த வேண்டாமென்று பையரை அவனிடமே விட்டுவிட்டு, சாம்பிள் ஃபைல் வேலையை மட்டும் அவருக்குக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். இது சரியா? வேறு என்ன செய்து வைக்க வேண்டும்?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

முதலில் அந்த சாம்பிள் ஃபைல் யோசனையை விட்டுவிடுங்கள். நல்ல மனதோடுதான் யோசித்திருக்கிறீர்கள். எனக்கும் அப்படி நல்ல மனதோடுதான் செய்தார்கள்.

நானும் மெர்ச்சண்டைசராக இருந்தவள்தான். மகள் பிறந்து வேலைக்குத் திரும்பியபோது, "பாவம், கைக்குழந்தைக்காரி" என்று சொல்லி என் பையரை வேறொருவரிடமே விட்டுவைத்தார்கள். நான் துணித்துண்டுகளை அட்டையில் ஒட்டி, கலர் வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு மாதம் நிம்மதியாகத்தான் இருந்தது. இன்கிரிமென்ட் பேசும்போது, "இந்த வருஷம் நீங்கள் ஒரு ஷிப்மென்ட்கூட அனுப்பவில்லையே" என்றார்கள். அதற்குள் அந்தப் பையருக்கு என் பெயரே மறந்துபோயிருந்தது. நம் தொழிலில் பையரோடு இருக்கும் பழக்கம்தான் ஒருவரின் சொத்து. அதை விடுப்பில் போனபோது எடுத்துவிட்டு, திரும்பி வந்த பிறகும் கொடுக்காமல் இருந்தால் அவருக்கு என்ன மிச்சம் இருக்கிறது? பிரசவ விடுப்பில் இருக்கும் பெண்ணின் வேலை நிபந்தனைகளை அவருக்குப் பாதகமாக மாற்றக் கூடாது என்று மகப்பேறு சலுகை பற்றிய சட்டமே சொல்கிறது.

எல்லா ஆர்டரையும் முதல் நாளே தலையில் கட்டச் சொல்லவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஆர்டரை நடுவில் கைமாற்றுவதுதான் கஷ்டம். எந்த கலருக்கு எந்த தேதியில் ஓகே வந்தது, எந்த அளவில் கழுத்தைக் கால் இஞ்ச் குறைக்கச் சொன்னார்கள் என்பதெல்லாம் அந்தப் பையனின் மெயிலிலும் மண்டையிலும் இருக்கும். அதனால் இரண்டு, மூன்று வாரத்தில் ஷிப்மென்ட் ஆகப்போகிற ஆர்டரை அவனே முடிக்கட்டும். அதே பையரிடமிருந்து புதிதாக வரும் இரண்டு ஸ்டைலை, கலர் ஓகே வாங்கச் சாயமிட்ட துணித்துண்டான லேப் டிப் அனுப்பும் கட்டத்திலிருந்தே இவரிடம் கொடுங்கள். லேப் டிப், அளவு பார்க்கும் ஃபிட் சாம்பிள், உற்பத்திக்கு முன் ஓகே வாங்கும் பிபி சாம்பிள், கட்டிங் என்று ஆரம்பத்திலிருந்து கூடவே போனால், இரண்டரை மூன்று மாதத்தில் சரக்கு கிளம்பும்போது அவர் பழைய வேகத்துக்கு வந்திருப்பார். பையன் கையில் இருக்கும் ஆர்டர்கள் முடிய முடிய, பையர் முழுவதும் இவரிடம் வந்துவிடும். இந்தக் கணக்கை நீங்களாக முடிவு பண்ணாமல், அவர் வருவதற்கு முன்பே போனில் கேட்டுப் பேசுங்கள். ஏதாவது ஒன்று வேண்டாம் என்றால் அவர் வாயால் சொல்லட்டும்.

அப்புறம், பால். ஆண்கள் கேட்கக் கூச்சப்படும் விஷயம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அவர் வரும்போது குழந்தை தாய்ப்பாலைத்தான் நம்பி இருக்கும். அலுவலகமும் போக்குவரத்துமாகப் பத்து மணி நேரம் பிரிந்திருந்தால், மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது பாலை எடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டால் மார்பு கல் மாதிரி கட்டிக்கொள்ளும், உடையில் கசியும், சிலருக்கு மார்பு சிவந்து குளிர்காய்ச்சலே வந்துவிடும். நாளடைவில் பாலும் குறையும். நான் ஸ்டோர் ரூமில், தாழ்ப்பாள் உடைந்த கதவுக்கு முட்டுக்கொடுத்து நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு காதை வெளியே வைத்துக்கொண்டே எடுப்பேன். யாராவது கதவைத் தட்டினால் உடனே பால் வருவது நின்றுவிடும். பதற்றத்தில் பால் இறங்காது.

அதனால் உள்ளே தாழ்ப்பாள் உள்ள ஒரு சின்ன அறை, நாற்காலி, பம்புக்கு ஒரு பிளக், பக்கத்தில் கை கழுவ ஒரு குழாய், ஒரு ஃபிரிட்ஜ், இவ்வளவு வேண்டும். கழிவறையைக் காட்டிவிடாதீர்கள். எடுத்த பால் 25 டிகிரி வரையான அறையில் நான்கு மணி நேரம் தாங்கும். திருப்பூர் வெயிலில் அதை நம்ப முடியாது, உடனே ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். வீட்டுக்கு ஐஸ் பேக் வைத்த பையில் கொண்டுபோகலாம். வீட்டு ஃபிரிட்ஜில் நான்கு நாள் வரை வைக்கலாம்.

குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான இடைவேளை போக இரண்டு பாலூட்டும் இடைவேளை சட்டப்படி உண்டு. உங்கள் கம்பெனியில் ஐம்பது பேரோ அதற்கு மேலோ இருந்தால் குழந்தைக் காப்பகமும் இருக்க வேண்டும். இடைவேளையையும் சேர்த்து ஒரு நாளைக்கு நான்கு முறை தாய் அங்கே போய்வரலாம். இந்தக் காப்பக விதி, மகப்பேறு சட்டத்தில் 2017இல் செய்த திருத்தத்தில் வந்தது. உங்கள் ஃபேக்டரியில் தையல் தொழிலாளர்களுக்காகக் காப்பகம் இருந்தால், ஆபீஸ் பெண்ணும் அங்கே குழந்தையை விடலாம் என்று பல பேருக்குத் தெரிவதில்லை. அவரிடம் சொல்லுங்கள். குழந்தையே கிட்டத்தில் இருந்தால் பம்பும் பாட்டிலும் பெரும்பாலும் தேவைப்படாது.

அறையைக் காட்டுகிற வேலையை ஹெச்.ஆரில் இருக்கும் ஒரு பெண்ணிடம் விடுங்கள். நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: "பதினோரு மணிக்கும் மூன்று மணிக்கும் அரை மணி நேரம் உங்களை யாரும் கூப்பிட மாட்டோம்." சொன்னபடி நடந்துகொள்வதில்தான் கஷ்டம் வரும். ஐரோப்பா பையரின் போன் நமக்கு மத்தியானத்துக்கு மேல்தான் வரும், சரியாக அந்த மூன்று மணியில் வந்து உட்காரும். பையரிடம் இப்போதே கேட்டு நான்கு மணிக்கு மாற்றிவிடுங்கள்.

முதல் நாளைத் திங்கட்கிழமையாக வைக்காமல் வியாழக்கிழமையாக வைக்க முடியுமா என்று பாருங்கள். மூன்று நாள் வந்து பார்த்து, எது சரிப்படவில்லை என்று தெரிந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பேசி மாற்றிக்கொள்ளலாம். சம்பளமும் விடுப்புக் கணக்கும் இதற்கு ஒத்துவருமா என்று ஹெச்.ஆரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

பெரும்பாலும் முதல் வாரத்தில் சிக்கல் வராது. அம்மாவோ மாமியாரோ கூட இருப்பார்கள். அந்தப் பாட்டி ஊருக்குத் திரும்பும் வாரத்தில்தான், அல்லது குழந்தைக்கு முதல் காய்ச்சல் வரும் நாளில்தான், எல்லாம் குலையும். விடுப்புக் கணக்கில் அப்போது ஒன்றும் இருக்காது. காலை ஏழரைக்கு உங்களுக்குப் போன் வரும். அன்றைக்கு யோசிப்பதற்குப் பதில் இப்போதே ஒரு ஏற்பாடு செய்யுங்கள். ஒவ்வொரு ஆர்டருக்கும் இன்னொருவர் மெயிலில் சிசியில் இருக்கட்டும். இந்தப் பெண்ணுக்கு மட்டும் இப்படி வைத்தால் அவருக்குக் குறையாகத் தெரியும், பிரிவில் எல்லோருக்கும் வையுங்கள். வீட்டிலிருந்து பார்க்கக்கூடிய வேலையை, இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் வீட்டிலிருந்தே பார்க்கச் சட்டம் இடம் தருகிறது. லேப் டிப்பைக் கண்ணால் பார்க்க ஆபீசுக்கு வர வேண்டும், ஷிப்மென்ட் பேப்பரைச் சரிபார்க்க வர வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு சின்ன வேலை. விடுப்பில் போனபோது அவர் மெயிலை அந்தப் பையனுக்கு ஃபார்வர்ட் போட்டு வைத்திருப்பீர்கள். அவர் வரும் நாள் காலையில் அதை எடுக்கச் சொல்லுங்கள். பையருக்கும் உங்கள் பெயரிலேயே ஒரு மெயில் போடுங்கள்: அவர் திரும்பிவிட்டார், புதிய இரண்டு ஸ்டைலுக்கும் இனி அவரிடமே எழுதுங்கள் என்று.

அன்புடன்,
அக்கா