லைனிங் மூடிய யோக்: கைவேலையா, இயந்திரமா?

கேள்வி: ஹட்டனில் ஒரு கடையில் வெள்ளை வொயில் குர்த்தா ஒன்று பார்த்தேன். யோக் முழுவதும் இளநீலத்தில் வளைந்த இலைகளாக ஷேடோ வேலைப்பாடு. கையால் தைத்தது என்று சொல்லி 7,500 ரூபாய் கேட்கிறார்கள். பின்பக்கத்தைப் பார்த்தால் தெரியும் என்று அக்கா சொன்னார். ஆனால் உள்ளே லைனிங் வைத்து மூடித் தைத்திருக்கிறார்கள். 1,000 ரூபாய் முற்பணம் கொடுத்து எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். நம்பி வாங்கலாமா? – வாசகி, ஹட்டன்

பதில்: மீதிப் பணத்தைக் கொடுக்கும் முன் இன்னொரு முறை கடைக்குப் போய் அரை மணி நேரம் செலவிடுங்கள். லைனிங் மூடியிருந்தாலும் இந்த வேலையை முன்பக்கத்திலிருந்தே சோதிக்க முடியும். அக்கா சொன்னது சரிதான், வேலை நடப்பது பின்பக்கத்தில். துணியின் உட்புறத்தில் ஹெரிங்போன் தையலை நெருக்கமாகப் போடும்போது நூல் இலையின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் குறுக்காகப் போய்ப் போய் வருகிறது. முன்பக்கத்தில் இலையின் இரு கரைகளிலும் இரண்டு பின்தையல் வரிகள் மட்டுமே தெரியும். நடுவில் தெரியும் நிறம், உள்ளே குறுக்கிட்டுக் கிடக்கும் நூல் மெல்லிய துணி வழியாகக் காட்டும் சாயல். சிலர் முன்பக்கத்திலிருந்தே இரட்டைப் பின்தையலாகப் போடுவார்கள். விளைவு அதேதான், அதைக் குறையாக எண்ண வேண்டாம்.

முதலில் இலையின் நடுவே விரலால் தடவிப் பாருங்கள். அங்கே வெறும் துணியின் வழவழப்பு மட்டுமே இருக்க வேண்டும். நூல் விரலில் தட்டுப்பட்டால் குறுக்கு நூல் முன்பக்கத்தில் ஓடுகிறது என்று பொருள். அது இந்த வேலை அல்ல.

அடுத்து, கைபேசியின் டார்ச்சை எரியவிட்டுக் குர்த்தாவுக்குள் கையை நுழைத்து, யோக்கின் பின்னால் பிடியுங்கள். மூடுபனி நாட்களில் கடையின் வெளிச்சத்தை நம்பிப் பயனில்லை. லைனிங் வெள்ளைப் பருத்தியாக இருந்தால் ஒளி தாராளமாக ஊடுருவும். உண்மையான வேலையில் இலைக்குள் சாய்ந்த நூல்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு பின்னல் தட்டிபோலத் தெரியும். நீலத் துணித்துண்டை அடியில் வைத்து ஓரத்தை இயந்திரத்தில் தைத்திருந்தால், குறுக்கு நூல் எதுவும் இல்லாமல் ஒரே சீரான நிறமும் அந்தத் துண்டின் நெசவும் மட்டுமே தெரியும். இப்படிச் செய்ததும் ஒருவகை அலங்காரம்தான். ஆனால் அதைக் கைத்தையலின் விலைக்கு விற்பதை நான் ஏற்கமாட்டேன்.

மூன்றாவது சோதனைதான் நான் அதிகம் நம்புவது. உங்கள் குர்த்தாவில் இலைகள் வளைந்திருப்பது நல்லதாகப் போயிற்று. ஒரு பெரிய இலையை எடுத்துக்கொண்டு அதன் வெளிக்கரையிலும் உள்கரையிலும் உள்ள தையல்களை எண்ணுங்கள். ஹெரிங்போனில் ஊசி இந்தக் கரையில் ஒரு தையல், அந்தக் கரையில் ஒரு தையல் என்று மாறி மாறிப் போகிறது. அதனால் இரு கரைகளிலும் எண்ணிக்கை சமமாக இருக்கும், மிஞ்சினால் ஒன்று கூடும் அல்லது குறையும். வெளிக்கரை 44 மில்லிமீற்றர், உள்கரை 36 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். தைத்தவர் பக்கத்துக்கு 20 தையல் போட்டிருந்தால் வெளியில் ஒவ்வொன்றும் 2.2 மில்லிமீற்றர், உள்ளே 1.8 மில்லிமீற்றர். வெளித்தையல் சற்றே நீண்டும் உள்தையல் சற்றே குறுகியும் இருப்பது கண்ணுக்கே தெரியும். ஓரத்தைச் சுற்றி ஓடும் இயந்திரம் அப்படிச் செய்யாது. அது ஒரே நீளத்தில் தைத்துக்கொண்டே போகும். தையல் 2 மில்லிமீற்றர் என்றால் வெளியில் 22, உள்ளே 18 வரும். கோணல்மாணலாக இருந்தால் கைவேலை, ஒழுங்காக இருந்தால் இயந்திரம் என்று சிலர் சொல்வதை நம்பாதீர்கள். தேர்ந்த கை மிக ஒழுங்காகவே தைக்கும்.

எண்ணும்போதே தரமும் தெரிந்துவிடும். கரையில் தையல்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு தொடர்ச்சியான கோடாக வர வேண்டும். இடையே இடைவெளி தெரிந்தால் நெருக்கமான ஹெரிங்போனை விட்டுவிட்டு அகலமாகப் போட்டு வேலையைச் சுருக்கியிருக்கிறார்கள். அப்படி இருந்தால் சாயலும் திட்டுத்திட்டாகத் தெரியும். இலையைச் சுற்றித் துணி சுருங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். நூலை இழுத்துத் தைத்தால் வரும் சுருக்கம் அது. இஸ்திரி போட்டால் போய்விடும் என்பார்கள். போகாது, அடுத்த சலவையில் திரும்பி வரும். இலைகளுக்கு இடையே வெற்றுத் துணியில் நீலக் கீற்று ஏதும் தெரிந்தால், நூலை வெட்டாமல் அடுத்த இலைக்குத் தாண்டியிருக்கிறார்கள். மெல்லிய துணி எதையும் மறைக்காது. இது கவனமில்லாத வேலையின் அடையாளம்.

இலையின் அகலத்தை அளவுநாடாவால் அளந்துகொள்ளுங்கள். ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் போனால் உள்ளே நூல் நீளமாகத் தொங்கி, சலவையில் தளர்ந்து சாயல் குலையும். அகலமான இலை வேண்டுமென்றால் நடுவில் ஒரு நரம்புக்கோடு விட்டு, இரண்டு பாதிகளாகத் தைப்பதுதான் முறை. லைனிங் இருப்பதால் வளையலும் மோதிரமும் நூலில் சிக்காது என்பது உங்களுக்கு ஒரு நன்மை. வெள்ளை லைனிங் பின்னால் இருந்தால் சாயலும் தெளிவாகத் தெரியும்.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்களுக்கு இளநீலமாகத் தெரியும் நூல் உண்மையில் கடும்நீலமாக இருக்கக்கூடும். துணியைத் தாண்டித் தெரியும்போது நிறம் வெகுவாக வெளுத்துவிடும் என்பதால் தைப்பவர்கள் கடும்நிற நூலையே எடுப்பார்கள். சாயம் இறங்கினால் வெள்ளைத் துணிக்குத் தப்ப வழியில்லை, அதிலும் நம் ஊரில் மழைக்காலத்தில் உடுப்பு காய நாட்கணக்காகிறது; ஈரம் நின்றால் சாயம் பரவும் நேரமும் கூடுகிறது. வெள்ளைப் பருத்தித் துண்டொன்றை நனைத்துப் பிழிந்து, ஒரு இலையின்மேல் சில நிமிடம் அழுத்திப் பிடிக்க அனுமதி கேளுங்கள். துண்டில் நீலம் ஏறினால் குர்த்தாவை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

விலையைப் பொறுத்தவரை யோக்கின் பரப்பைப் பார்க்காமல் தையலைப் பாருங்கள். பக்கத்துக்கு 20 என்றால் ஒரு இலைக்கு 40 தையல், 24 இலைகள் இருந்தால் 960. அதே இலையை 3 மில்லிமீற்றர் தையலில் முடித்தால் ஒன்றுக்கு 26 அல்லது 27 தையல்தான் வரும், மொத்தம் ஏறத்தாழ 640. இரண்டுக்கும் ஒரே கூலி நியாயமில்லை. மேலே சொன்னவற்றில் தேறிய நுண்ணிய வேலை என்றால் நான் 7,500 ரூபாயில் பேரம் பேசமாட்டேன். பெரிய தையலாக இருந்தால் பேசுவேன்.

வாங்கினால் பற்றுச்சீட்டில் “கைத்தையல்” என்று எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. பொருளின் தரத்தைப் பற்றிப் பொய் சொல்லி விற்பதை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. முறைப்பாடு செய்ய நேர்ந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். அந்த ஒரு சொல் எழுத்தில் இருந்தால் உங்கள் பக்கம் வலுவாக நிற்கும்.

எழுதித் தரத் தயங்கினால், லைனிங்கின் கீழோரத்தில் இரண்டு அங்குலம் பிரித்துக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். பிரித்ததை மூடித் தைக்கத் தையல்காரருக்குச் சில நிமிடம் போதும். இரண்டுக்கும் மறுத்தால், கொடுத்த 1,000 ரூபாயைத் திருப்பித் தரும்படி அல்லது வேறு உடுப்புக்குக் கழித்துக்கொள்ளும்படி அன்றே பேசி முடித்துவிடுங்கள்.