கை வெட்டும் சந்தேகமும்: ஹஜ்ரத் பதில்கள்

"சந்தேகம் வந்தால் ஹத்தைத் தள்ளுங்கள்", அதாவது கை வெட்டு போன்ற மார்க்கம் வரையறுத்த தண்டனையை விட்டுவிடுங்கள் என்பது கோர்ட்டில் சொல்கிற சந்தேகத்தின் பலன்தானே ஹஜ்ரத்?

பாதிதான் சரி. திருடியது இவன்தான் என்று இரண்டு பேர் கண்ணால் பார்த்துச் சாட்சி சொன்ன பிறகும் ஷுப்ஹா, அதாவது தண்டனையைத் தடுக்கும் சந்தேகம் வரும். மகனுடைய பெட்டியை உடைத்து அத்தா பணம் எடுக்கிறார். எடுத்ததில் சந்தேகமே இல்லை. ஆனால் மகன் சொத்தில் தகப்பனுக்கு ஏதோ ஒரு பாத்தியதை உண்டே, அது போதும், கை தப்பிவிடும்.

மகன் அத்தாவிடம் திருடினால்?

ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளில், அதாவது சட்ட வழிகளில், அதே பதில். மாலிக்கியில் தப்பாது.

என் கடைப் பையன் கல்லாவில் கை வைத்துவிட்டான். என்ன தண்டனை?

சாவியை நீங்களே கொடுத்திருந்தால் அது நம்பிக்கை மோசடி, ஹத்துக்குரிய திருட்டு ஆகாது. அது கிடக்கட்டும், இங்கே குற்ற வழக்கைக் காழி விசாரிப்பதில்லை பாய். ஸ்டேஷனில் புகார் கொடுங்கள், பையன் மேல் கை வைக்காதீர்கள்.

கலீஃபா உமர் (ரலி) கை வெட்டை நிறுத்தினாரே, அப்படியானால் சட்டத்தை மாற்றலாம்தானே?

மாற்றவில்லை. இமாம் மாலிக்கின் ஹதீஸ் நூலான முவத்தாவில் ஒரு வழக்கு வருகிறது. ஹாதிப் என்பவரின் அடிமைகள் முஸைனா கூட்டத்தார் ஒருவரின் பெண் ஒட்டகத்தைத் திருடி அறுத்துவிட்டார்கள். உமர் முதலில் வெட்டத்தான் உத்தரவிட்டார். அப்புறம் ஹாதிபைப் பார்த்து, "நீர் இவர்களைப் பட்டினி போடுகிறீர் போலிருக்கிறது" என்றார். ஒட்டகக்காரரிடம் விலை கேட்டார். 400 திர்ஹத்துக்குக் கேட்டும் கொடுக்கவில்லை என்றார் அவர். "800 கொடும்" என்று ஹாதிபுக்கு உத்தரவானது. பசி ஷுப்ஹா ஆனது, சுமை எஜமானன் தலையில் விழுந்தது. ஆனால் இதைப் பதிவு செய்த இமாம் மாலிக்கே, இரட்டிப்பு விலை எங்கள் நடைமுறை இல்லை, எடுத்த அன்றைய விலைதான் என்று சொல்லிவிட்டார்.

சந்தேகம் வந்தால் ஹத்தைத் தள்ளச் சொல்லும் அந்த வாசகம் ஸஹீஹான, ஆதாரம் உறுதியான ஹதீஸ். அதோடு விஷயம் முடிந்தது.

முடியவில்லை தம்பி. திர்மிதியில் ஆயிஷா (ரலி) வழியாக வருவது பலவீனமான அறிவிப்பாளர் தொடர்.

அப்படியானால் அறிஞர் இப்னு ஹஸ்ம் சொன்னதுதான் சரி! நிரூபணமான ஹத்தை ஷுப்ஹா காட்டித் தள்ளக் கூடாது.

நிரூபணம் ஆகாததை நிறைவேற்றவும் கூடாது என்றாரே, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான்கு மத்ஹபும் தொடர் பலவீனம் என்று தெரிந்தே அந்த விதியை எடுத்து நடத்தின. ஸஹாபாக்களின் தீர்ப்புகளே போதும் என்பது என் கட்சி. நீங்கள் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள், சரி.

ஹத்து தள்ளிப்போனால் திருடன் சும்மா போவானா?

இதைக் கேட்கும் மூன்றாவது ஆள் நீங்கள். போக மாட்டான்! பொருளைத் திருப்ப வேண்டும், அதன் மேல் காழி தஅஸீர், அதாவது தன் முடிவுப்படி ஒரு தண்டனை கொடுக்கலாம். கசையடி என்றால் அபூ ஹனீஃபாவிடம் 39ஐத் தாண்டாது. மாலிக்கிகள் காழியின் முடிவுக்கே விட்டுவிட்டார்கள். எனக்குப் பயமே அந்த இடத்தில்தான். பேர் கெட்டவன் மேல் சந்தேகம் விழுந்தால் அடித்து விசாரிக்கலாம் என்று அறிஞர் இப்னு தைமிய்யா இடம் கொடுத்தார். சந்தேகம் அங்கே ஆளைக் காப்பாற்றவில்லை, அடி வாங்கித் தந்தது.

"அது என் பொருள்தான்" என்று திருடன் சும்மா சொன்னால்?

ஷாஃபிஈயில் ஆதாரம் கேட்காமலே கை தப்பும். அவனுக்கு அந்த நூல்கள் வைத்த பெயர் சாமர்த்தியத் திருடன். பொருள் யாருடையது என்பது தனி வழக்கு, அதில் அவன் சாமர்த்தியம் செல்லாது.