சொன்ன சொல் சரி, அழுத்தம் விழுந்த இடம் தவறு

கேள்வி: ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறேன். லண்டன் கிளையன்ட் போன வாரம் போன் காலில் ஒரு ரிப்போர்ட்டைக் காணோம் என்றார். "ஐ டிடின்ட் டெலீட் த ரிப்போர்ட்" என்றேன். உடனே, "ஓகே, ஸோ ஹூ டிட்?" என்று கேட்டுவிட்டார். நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை, ஃபைலை வேறு ஃபோல்டருக்கு மாற்றியிருந்தேன், அவ்வளவுதான். 'ஐ' என்பதை அழுத்திச் சொன்னேன் என்கிறாள் பக்கத்தில் இருந்த தோழி. மேனேஜர் ஆக்சென்ட் கோர்ஸில் சேரச் சொல்கிறார், 35,000 ரூபாய். சேரலாமா?

பதில்: இப்போதைக்குப் பணம் கட்டாதீர்கள். உங்கள் உச்சரிப்பு புரியாமல் அவர் அப்படிக் கேட்கவில்லை. ஒவ்வொரு சொல்லும் நன்றாகவே புரிந்திருக்கிறது, கூடவே நீங்கள் சொல்லாத ஒன்றும் புரிந்துவிட்டது. தோழி கவனித்தது சரி.

தமிழில் எது முக்கியம் என்று காட்ட நமக்கு ஒட்டுகள் இருக்கின்றன. "நீ நேற்று போனாயா", "நீ நேற்றா போனாய்", "நீயா நேற்று போனாய்" என்று 'ஆ'வை இடம் மாற்றினாலே கேள்வி மாறிவிடும். தான், ஏ, உம் எல்லாம் இதே வேலையைச் செய்கின்றன. சொற்களையும் முன்னே பின்னே நகர்த்திக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் சொற்களின் வரிசையை அப்படி இஷ்டத்துக்கு மாற்ற முடியாது, தான் போன்ற ஒட்டும் கிடையாது, அதனால் பேச்சில் அந்த வேலையில் பெரும்பகுதியைக் குரல்தான் செய்கிறது.

உங்கள் வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். 'ஐ' மேல் அழுத்தம் விழுந்தால், நான் அழிக்கவில்லை, வேறு யாரோ அழித்தார்கள் என்று பொருள். அதற்கு "ஹூ டிட்?" என்று அவர் கேட்டது முழுக்க நியாயமான கேள்வி. 'டிடின்ட்' மேல் விழுந்தால், அழித்தாய் என்று நீங்கள் சொல்வது தவறு என்று மறுப்பதாகும். 'டெலீட்' மேல் விழுந்தால், ரிப்போர்ட்டை என்னவோ செய்தேன், ஆனால் அழிக்கவில்லை. 'ரிப்போர்ட்' மேல் விழுந்தால், வேறு எதையோ அழித்திருக்கலாம், ரிப்போர்ட்டை இல்லை. நீங்கள் சொல்ல நினைத்தது மூன்றாவது. "ஐ டிடின்ட் டெலீட் இட், ஐ மூவ்ட் இட்" என்று டெலீட், மூவ்ட் இரண்டையும் மட்டும் தூக்கிச் சொல்லியிருந்தால், அடுத்த கேள்வி "எங்கே?" என்றுதான் வந்திருக்கும்.

தூக்குவது என்றால் கத்துவது இல்லை. இந்த ஒரு இடத்தில்தான் நம் ஆட்கள் அதிகம் சறுக்குகிறார்கள். டென்னிஸ் ஃப்ரை என்ற ஒலியியலாளர் 1950களில், ஒரு சொல்லில் எந்த அசை அழுத்தமானது என்று ஆங்கிலக் காது எதை வைத்து முடிவு செய்கிறது என்று சோதித்துப் பார்த்தார். அசையின் நீளமும் சுருதி மாற்றமும்தான் அதிகம் எடுபட்டன, சத்தம் அந்த அளவுக்கு உதவவில்லை. அதனால் சத்தத்தை மட்டும் கூட்டினால் அழுத்தமாகக் கேட்காது, கோபமாகக் கேட்கும். சொல்லின் சரியான அசையைக் கொஞ்சம் நீட்டி, சுருதியை அங்கே ஏற்றி, உடனே இறக்க வேண்டும். டெலீட்டில் அந்த அசை 'லீட்', ரிப்போர்ட்டில் 'போர்ட்'.

இதைவிட முக்கியம் அதற்குப் பிறகு வருவது. முக்கியச் சொல் முடிந்ததும் மீதி வாக்கியம் தாழ்ந்து, தட்டையாக ஓட வேண்டும். ரிப்போர்ட் பற்றித்தான் பேச்சே என்பது இரண்டு பேருக்கும் தெரியும், அதை மறுபடி தூக்கினால் கேட்பவர் அதில் ஏதோ புதிதாக இருக்கிறது என்று தேடத் தொடங்குவார். நம்மில் பலர் முதல் சொல்லை ஓங்கித் தொடங்கி, அப்புறம் எல்லாச் சொல்லையும் ஒரே உயரத்தில் கொண்டுபோகிறோம். அப்போது அவர் காதில் விழும் ஒரே அடையாளம் அந்த முதல் சொல்தான், அது பெரும்பாலும் 'ஐ' ஆகவோ 'யூ' ஆகவோ இருந்து தொலைக்கிறது.

தமிழ் ஒட்டு இல்லாத குறையை 'ஒன்லி' போட்டுச் சரிக்கட்டாதீர்கள். "ஐ சென்ட் இட் எஸ்டர்டே ஒன்லி" என்று சொல்லும்போது உங்கள் மனதில் இருப்பது 'நேற்றே அனுப்பிவிட்டேன்'. லண்டன்காரர் காதில் அது 'நேற்றுதான் அனுப்பினேன்' என்று விழ இடமிருக்கிறது. சீக்கிரம் முடித்த வேலைக்குத் தாமதம் என்று பெயர் வாங்கிக்கொள்வீர்கள். 'எஸ்டர்டே'யில் 'எஸ்'ஸைத் தூக்கினால் போதும், ஒன்லி வேண்டாம்.

பேச்சில் எதுவும் ஏற்கெனவே வந்திராவிட்டால், அழுத்தத்தை வாக்கியத்தின் கடைசிப் பொருளுள்ள சொல்லில் வையுங்கள். உங்கள் வேலைக்கு இந்த விதி போதும். ஆனால் ஒரு விதிவிலக்கைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அது உங்கள் கிளையன்ட் காலில் தினமும் வரும். "த சர்வர் இஸ் டவுன்." விதிப்படி டவுன் மேல்தானே விழ வேண்டும்? இல்லை, திடீர்ச் செய்தியாகச் சொல்லும்போது சர்வர் மேல்தான் விழும். "த ஃபோன் இஸ் ரிங்கிங்", "த பேபி இஸ் க்ரையிங்" எல்லாம் இந்த வகை. ஒன்று வந்தது, போனது, கெட்டது, சத்தம் போட்டது என்று முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு நிகழ்வைச் சொல்லும் சின்ன வாக்கியங்களில் பெயர்ச்சொல்தான் சுமையைத் தூக்கும். போன் என்றால் மணி அடிக்கும், சர்வர் என்றால் படுக்கும், வினையை ஊகித்துவிடலாம் என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லும் ஒரு விளக்கம். நீங்கள் டவுனைத் தூக்கினால், காலையிலிருந்து பேசிக்கொண்டிருந்த சர்வர் கடைசியில் படுத்துவிட்டது என்பதுபோல் கேட்கும், "ஏன் முன்னாலேயே சொல்லவில்லை?" என்று திருப்பிக் கேட்பார்கள். "சர்வர் எப்படி இருக்கிறது?" என்று அவரே கேட்டிருந்தால் மட்டும் டவுன் மேல் வையுங்கள்.

சுருதி ஏறுகிறதா இறங்குகிறதா என்பதும் ஆளையே மாற்றிக் காட்டும். ஜான் கம்பர்ஸ் என்ற மொழியியலாளர் பதிவு செய்த ஒரு சம்பவம் இருக்கிறது. பிரிட்டனில் ஒரு பெரிய விமான நிலைய ஊழியர் கேன்டீனில் புதிதாகச் சேர்ந்த இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் முகம் கொடுப்பதில்லை என்று புகார். அவர்கள் பேசியது அநேகமாக 'கிரேவி' என்ற ஒரே சொல்தான். உள்ளூர்க்காரர்கள் அதைச் சுருதி ஏற்றி, வேண்டுமா என்று கேட்பதுபோல் சொல்வார்கள். இவர்கள் இறக்கிச் சொன்னார்கள், அது 'இதுதான் கிரேவி' என்று அறிவிப்பதுபோல் கேட்டது. பதிவைப் போட்டுக் காட்டி விளக்கிய பிறகுதான் எங்கே சிக்கல் என்று இரண்டு தரப்புக்கும் புரிந்தது.

சரி, கோர்ஸ். பல இடங்களில் நடப்பது எனக்குத் தெரியும். நாக்கை மடக்கி 'ர்' சொல்ல வைப்பார்கள், 'வாட்டர்' அமெரிக்க மாதிரி வருகிறதா என்று பார்ப்பார்கள், சான்றிதழ் கொடுப்பார்கள். ஆளைச் சேர்த்துவிடும் ஏஜென்ட்டுக்குக் கமிஷன் போகும் இடங்களும் உண்டு. தமிழ் ஆக்சென்ட்டோடு பேசி இந்தச் சிக்கல் எதுவும் இல்லாதவர்கள் எத்தனையோ பேர். பள்ளியிலாவது சொல்லிக்கொடுத்தார்களா என்றால், சொல்லை அசை பிரித்துப் பேப்பரில் எழுத வைத்தார்கள், ஒரு வாக்கியத்தைக்கூட வாய்விட்டுச் சொல்ல வைத்து யாரும் கேட்கவில்லை. குரலில் இருக்கும் ஒன்றை எழுத்துத் தேர்வில் சோதித்து மார்க் போட்டு அனுப்பிவிட்டு, வேலைக்குப் போன பிறகு உங்கள் பையிலிருந்தே 35,000 எடுக்கிறார்கள்.

வீட்டிலேயே செய்யுங்கள். உங்கள் வாக்கியத்தை நான்கு விதமாக போனில் பதிவு செய்து, வரிசையைக் கலைத்து, தோழிக்குப் போட்டுக் காட்டுங்கள். ஒவ்வொன்றும் எந்தக் கேள்விக்குப் பதில் என்று அவள் சொல்லட்டும்: யார் அழித்தது, அழித்தாயா இல்லையா, ரிப்போர்ட்டை என்ன செய்தாய், எதை அழித்தாய். அவள் தடுமாறினால் பெரும்பாலும் பின்பாதியை நீங்கள் இறக்கவில்லை என்று அர்த்தம். கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் Praat என்ற இலவச மென்பொருளில் பதிவைத் திறந்து View & Edit கொடுங்கள், சுருதி நீலக் கோடாகத் தெரியும். முக்கியச் சொல்லில் ஒரு மேடு, அப்புறம் சரிவு. மேடுகள் நிறைய இருந்தால் மறுபடி பதிவு செய்யுங்கள்.

மேனேஜர் கோர்ஸை விடவே இல்லை என்றால், பணம் கட்டுமுன் பயிற்சியாளரிடம் இதே வாக்கியத்தைக் கொடுத்து நான்கு பொருளிலும் சொல்லிக் காட்டச் சொல்லுங்கள். சொல்லத் தெரியவில்லை, அல்லது "அதெல்லாம் மூன்றாவது மாட்யூலில் வரும்" என்றால், எழுந்து வந்துவிடுங்கள்.