நடுச் சாலையில் காணாமற்போகும் விபத்துகள்

கேள்வி: எங்கள் ஊரின் வார்டு எல்லைக் கோப்பும், விபத்து நடந்த இடங்களின் புள்ளிக் கோப்பும் இருக்கின்றன. ஸ்பேஷியல் ஜாயின் செய்து வார்டு வாரியாக விபத்துகளை எண்ணி வரிசைப்படுத்தினேன். ஆனால் எல்லா வார்டுகளையும் கூட்டினால் மொத்த விபத்து எண்ணிக்கை வரவில்லை. எங்கே தவறுகிறது?

உங்கள் வார்டு எல்லைகளை யாரோ ஒருவர் வரைபடத்தைப் பார்த்துக் கையால் வரைந்திருக்கிறார் என்றே நினைக்கிறேன். காரைக்குடியில் வணிகர்கள் சிலர் கேட்டுக்கொண்டதற்காக இதே வேலையைச் செய்தபோது என் கைக்கு வந்த கோப்பும் அப்படிப்பட்டதுதான். ஓர் இளைஞர் வார்டு வரைபடத்தின் புகைப்படத்தை QGIS-இல் பொருத்தி, 36 வார்டுகளையும் பொறுமையாக வரைந்திருந்தார். கண்ணுக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு வார்டையும் அந்தந்தப் பக்கத்து வீட்டு மதில்களை ஒட்டி வரைந்திருந்ததால், எல்லையாக அமைந்த சாலைகள் இந்த வார்டிலும் இல்லாமல் அந்த வார்டிலும் இல்லாமல் நடுவில் வெற்றிடமாக நின்றன. நகரம் முழுவதையும் ஒரே பார்வையில் காட்டும் அளவில் அந்த இடைவெளி வெறும் கோடாகத்தான் தெரியும். பெரிதாக்கிப் பார்த்தால்தான் ஒரு பேருந்து போகும் அகலம் இருப்பது புரியும்.

வேறு எந்தத் தரவாக இருந்தாலும் இது சிறு குறை. பள்ளிகளையோ குடிநீர்த் தொட்டிகளையோ எண்ணினால் அவை மனைக்குள் இருப்பவை, எனவே இடைவெளியில் விழமாட்டா. விபத்துகளோ சாலையில்தான் நடக்கின்றன. வார்டு எல்லைகளும் பெரும்பாலும் சாலைகளின் வழியாகவே செல்கின்றன. ஆகவே கோப்பில் எந்த இடம் பலவீனமோ அதே இடத்தில்தான் நம் புள்ளிகள் குவிகின்றன. வார்டு வாரி விபத்துக் கணக்கில் வரும் தொல்லைகளில் பாதிக்கு மேல் இதிலிருந்து பிறப்பவை என்பது என் அனுபவம்.

முதலில் வரிசைப்படுத்துவதை ஒதுக்கி வைத்துவிட்டு மூன்று எண்களை மட்டும் எடுத்துப் பாருங்கள்.

```python
import geopandas as gpd

w = gpd.read_file("wards.gpkg").to_crs(32644)
p = gpd.read_file("acc.gpkg").to_crs(32644)
w = w[["ward_no", "geometry"]]

j = gpd.sjoin(p, w, predicate="intersects")
print(len(p), len(j), j["acc_id"].nunique())
```

மூன்றும் ஒன்றாக இருந்தால் கவலையில்லை. இல்லையென்றால், முதல் எண்ணிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் எந்த வார்டிலும் சேராத விபத்துகள் எத்தனை என்று தெரியும். இரண்டாவதிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் ஒரு முறைக்கு மேல் எண்ணப்பட்டவை தெரியும். இரட்டிப்பு வருவதற்குக் காரணம், பக்கத்துப் பக்கத்துப் பாலிகன்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பது, அல்லது புள்ளி சரியாக எல்லைக் கோட்டின்மேலேயே விழுவது. `intersects` என்பதற்குப் பதில் `within` போட்டால் கோட்டின்மேல் விழும் புள்ளி இரண்டு வார்டிலும் சேராமல் போகும். அதாவது இரட்டிப்பு இழப்பாக மாறுமே தவிரக் குறை தீராது. இந்தச் சொல்லை மாற்றிப் பார்த்து மொத்தம் பொருந்துகிறதா என்று தேடுவோரை நிறையப் பார்த்திருக்கிறேன். அது வியாதியை விட்டுவிட்டு வெப்பமானியைத் திருத்துகிற வேலை.

32644 என்பது 78 பாகைத் தீர்க்கரேகைக்குக் கிழக்கே மீட்டரில் அளக்கும் யூடிஎம் 44 வடக்கு மண்டலம். காரைக்குடி அதற்குள் வருகிறது. உங்கள் ஊர் திண்டுக்கல்லுக்கு மேற்கே என்றால் 32643 எடுத்துக்கொள்ளுங்கள். இணைப்பில் ஒரு புள்ளிகூடச் சேரவில்லை என்றால் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருக்கக்கூடும். வரைபடத்தைச் சிறிதாக்கிப் பாருங்கள்; நம் செட்டிநாட்டு விபத்துகள் அத்தனையும் ஆர்க்டிக் கடலில் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு அருகே மிதந்துகொண்டிருக்கும்.

இனி எண்களோடு சொல்கிறேன். இவை விளக்கத்துக்காக நான் எளிமைப்படுத்திக்கொண்டவை. வார்டு எண்களை வெளிப்படையாக எழுதினால் ஊரில் எனக்குத்தான் வம்பு. மொத்த விபத்துகள் 120. இணைப்பில் வந்த வரிகள் 97. அவற்றில் தனித்தனி விபத்துகள் 93. அப்படியானால் 4 இரட்டிப்பு, 27 இழப்பு. அந்த 27 புள்ளிகளையும் தனியாக வரைந்து பார்த்தால் 9 நகர எல்லைக்கு வெளியே, கோட்டையூர்ப் பக்கம் விழுகின்றன. மீதி 18 புள்ளிகள் ஒரே நீளச் சாலையின்மேல் மணி கோத்தாற்போல் நிற்கின்றன. அந்தச் சாலைக்கு வடக்கே ஆ வார்டு, தெற்கே இ வார்டு. இழப்பைக் கவனிக்காமல் வெளியிட்டிருந்தால் அ வார்டு 14 விபத்துகளுடன் முதலிடம், ஆ வார்டு 12, இ வார்டு 11. அந்த 18-ஐயும் இரண்டு பக்கத்துக்கும் பாதிப் பாதியாகக் கொடுத்தால் ஆ வார்டு 21, இ வார்டு 20. முதலிடத்தில் இருந்த அ வார்டு மூன்றாம் இடத்துக்கு இறங்கிவிடுகிறது. ஊரிலேயே ஆபத்தான சாலை எதுவோ, அது அடியோடு கணக்கில் இல்லாமல் போயிருக்கும்.

அப்படியானால் எல்லையைத் திருத்தி வரைந்துவிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். திருத்தத்தான் வேண்டும். QGIS-இல் டோப்பாலஜி செக்கரை ஓட்டி, பாலிகன்களுக்கிடையே இடைவெளி கூடாது, ஒன்றின்மேல் ஒன்று ஏறக் கூடாது என்ற இரண்டு விதிகளையும் போட்டால் குறையுள்ள இடங்களை அது காட்டிக்கொடுக்கும். ஆனால் எல்லையைச் சாலையின் நடுக்கோட்டுக்கு இழுத்துவிட்ட பிறகும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. எங்கள் வார்டு உறுப்பினர் ஒருவர் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "ஏண்ணே, அந்த ரோட்டுல வடக்குச் சிறகு மட்டுந்தான் எங்க வார்டு. வண்டி எந்தப் பக்கம் சாஞ்சுச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" நியாயமான கேள்வி. கைபேசியில் எடுத்த இடக்குறிப்பு திறந்த வெளியிலேயே சில மீட்டர் தள்ளி விழும். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவில் இன்னும் கூடுதலாகத் தள்ளும். நடுக்கோட்டுக்கு வடக்கா தெற்கா என்று அதைக்கொண்டு தீர்மானிப்பது காசு சுண்டிப் பார்ப்பதற்குச் சமம்.

செட்டிநாட்டில் இதற்கு இன்னொரு முடிச்சும் உண்டு. விபத்து இடம் பல நேரங்களில் "இன்னார் வீட்டுக்கு அருகில்" என்று எழுதப்பட்டு, பிறகு முகவரியைக்கொண்டு புள்ளியாக மாற்றப்படுகிறது. இங்குள்ள பழைய வீடுகளுக்கு முன்வாசல் ஒரு வீதியில் என்றால் பின்வாசல் அடுத்த வீதியில். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று நீண்டு கிடக்கும் அந்த மனையின் நடுவில் புள்ளியை வைத்தால், பின்வீதியில் நடந்த மோதலா முன்வீதியில் நடந்ததா என்பது அதில் தெரியாது. பின்வீதி வார்டு எல்லையாகவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே எல்லைக்கு அருகிலுள்ள விபத்தை ஒரே வார்டின் தலையில் கட்டாமல் பங்கிட்டுக் கொடுப்பதே நேர்மையான வழி என்ற முடிவுக்கு வந்தேன். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் 20 மீட்டர் வட்டம் போட்டு, அந்த வட்டம் தொடும் வார்டுகளுக்கெல்லாம் சமமாகப் பிரித்துக்கொடுப்பது.

```python
b = p.copy()
b["geometry"] = p.buffer(20)
k = gpd.sjoin(b, w, predicate="intersects")
k["share"] = 1 / k.groupby("acc_id")["acc_id"].transform("count")

t = k.groupby("ward_no")["share"].sum().round(2)
t = t.reindex(w["ward_no"], fill_value=0)
r = t.rank(ascending=False, method="min")
```

20 மீட்டர் ஏன் என்றால், எங்கள் ஊரில் நூறடி ரோடு இருக்கிறது. நூறு அடி என்பது ஏறக்குறைய 30.5 மீட்டர்; நடுவிலிருந்து ஓரம் 15.2 மீட்டர். 15 என்று போட்டிருந்தால் சாலை நடுவில் நடந்த விபத்து இரண்டு பக்கமும் எட்டாமல் மறுபடியும் தொலைந்திருக்கும். உங்கள் ஊரில் எல்லையாக உள்ள சாலைகளில் எது அகலமோ அதன் பாதியைவிடச் சற்றுக் கூடுதலாக வையுங்கள். இதை மீட்டர் மண்டலத்துக்கு மாற்றாத கோப்பில் ஓட்டினால் 20 பாகை வட்டமாகிவிடும். எல்லா வார்டுக்கும் ஒரே எண் வந்தால் அதுதான் காரணம். `reindex` வரியை விட்டுவிட்டால் விபத்தே நடக்காத வார்டுகள் பட்டியலிலிருந்து மறைந்துபோகும். ஒரு வார்டு கோப்பில் இரண்டு துண்டாக இருந்தால் முதலிலேயே `w = w.dissolve(by="ward_no", as_index=False)` என்று செய்து ஒன்றாக்கிவிடுங்கள்.

பங்கீடு வந்த பிறகு 21-க்கும் 20-க்கும் இடையே முதலிடம், இரண்டாமிடம் என்று பேசுவதில் பொருளில்லை. 18 புள்ளிகள் எந்தப் பக்கமும் சாயலாம் என்னும்போது ஆ வார்டின் எண் 12-இலிருந்து 30 வரை எதுவாகவும் இருக்கலாம். நான் கொடுத்த பட்டியலில் ஒவ்வொரு வார்டுக்கும் உறுதியானவை எத்தனை, பங்கிட்டவை எத்தனை என்று இரண்டு நிரல்கள் வைத்தேன். "வரிசை எண் ஒன்று மட்டும் போட்டுக் கொடுங்கள், மற்றதெல்லாம் குழப்பம்" என்று ஒருவர் முகம் சுளித்தார். வரிசை எண்ணை மட்டும் கேட்பவர்கள் அதை மேடையில் வாசிக்கத்தான் கேட்கிறார்கள் என்று எனக்கு வெகுநாள் மனத்தாங்கல் உண்டு. அதை இங்கே விரிக்கவில்லை.

எல்லைக்கு வெளியே விழுந்த 9 புள்ளிகளை அழித்துவிடாதீர்கள். 2024-இல் காரைக்குடி மாநகராட்சியானபோது கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் சில ஊராட்சிகளும் அதோடு சேர்ந்தன. 36 வார்டுக் கோப்பு அதற்கு முந்தைய நகராட்சியுடையது. விபத்தின் தேதிக்கும் எல்லையின் தேதிக்கும் பொருத்தம் பார்த்து, வெளியே விழுபவற்றை "நகருக்கு வெளியே" என்று ஒரு தனி வரியாகக் காட்டினால் மொத்தம் 120 என்று நிற்கும்.

இன்னும் ஒன்றைச் சோதித்துவிடுங்கள். `p.geometry.to_wkt().value_counts().head()` என்று கொடுத்தால் அச்சு அசலாக ஒரே இடத்தில் குவிந்த புள்ளிகள் மேலே வரும். சாலைச் சந்திப்பில் இரண்டு மூன்று குவிவது உண்டு. ஆனால் கடைசித் தசமம் வரை ஒத்துப்போய் ஒரு கட்டடத்தின்மேல் பத்துப் பதினைந்து நின்றால், விவரத்தைப் பதிவு செய்தவர் சம்பவ இடத்தில் இல்லாமல் தம் மேசையிலிருந்தே பதிந்திருக்கிறார் என்று பொருள். அந்தக் கட்டடம் இருக்கும் வார்டு காரணமேயில்லாமல் முதலிடத்துக்கு ஏறும். யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. எந்தப் பங்கீடும் இந்தக் குறையைத் தீர்க்காது, அந்தப் புள்ளிகளை விவரக் குறிப்பைப் படித்து ஒவ்வொன்றாக இடம் மாற்ற வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

மொத்த எண்ணிக்கை நியாயமான அளவுகோல் அன்று, வார்டு மக்கள்தொகையால் வகுக்க வேண்டும் என்று யாராவது கீழே எழுதுவார்கள். நீங்கள் கேட்டது மொத்தம், அதனால் மொத்தத்தையே சொன்னேன். தவிரவும், பேருந்து நிலையத்தை ஒட்டிய சாலையில் விழுபவர்களில் தேவகோட்டைக்காரரும் உண்டு, திருப்பத்தூர்க்காரரும் உண்டு. அந்த வார்டில் குடியிருப்போர் தொகையால் வகுப்பதற்கு அவர்கள் அந்த வார்டுவாசிகள் அல்லர். வகுத்தே ஆக வேண்டுமென்றால் வார்டிலுள்ள முதன்மைச் சாலைகளின் நீளத்தால் வகுங்கள். அங்கேயும் எல்லைச் சாலையின் நீளத்தை இரண்டு வார்டுக்கும் பாதிப் பாதியாகவே போட வேண்டும்.