தொப்புளில் தொடங்கி வலப்பக்கம் போகும் வலி

கேள்வி: போன மாதம் ஒரு ராத்திரி என் 15 வயது மகனுக்குத் தொப்புளைச் சுற்றி வலி. பரோட்டா சாப்பிட்டதால் கேஸ் என்று நினைத்து ஓமத்தண்ணீர் கொடுத்தோம். நடுராத்திரியில் இரண்டு தடவை வாந்தி. காலையில் பக்கத்து கிளினிக்கில் ஊசி போட்டதும் கொஞ்சம் குறைந்தது. மதியம் வலி வலதுபக்க அடிவயிற்றுக்குப் போய்விட்டது. சாயங்காலமே அப்பெண்டிசைட்டிஸ் என்று ஆபரேஷன் செய்தார்கள். தொப்புளில் வந்த வலி எப்படி டாக்டர் குடல்வாலாக இருக்கும்? என் 9 வயது மகளும் அடிக்கடி தொப்புளைக் காட்டி வலிக்குது என்கிறாள், பயமாக இருக்கிறது. எங்கே வலித்தால் காத்திருக்கலாம், எப்போது உடனே ஓட வேண்டும்?

பதில்: குடல்வால் இருப்பது வலது அடிவயிற்றில்தான். ஆனால் அது கெட ஆரம்பிக்கும்போது முதலில் வலிப்பது பெரும்பாலும் தொப்புளைச் சுற்றித்தான். தோலில் எறும்பு கடித்தால் கடித்த இடத்தில் விரல் வைக்க முடிகிறது. குடலின் நரம்புகளுக்கு அந்தத் துல்லியம் கிடையாது. குடல்வாலிலிருந்து வரும் நரம்பு இழைகள் தண்டுவடத்தில் எந்த மட்டத்தில் போய்ச் சேர்கின்றனவோ, தொப்புளைச் சுற்றிய தோலின் நரம்பும் அதே மட்டத்தில்தான் சேர்கிறது. அதனால் குடல்வாலின் துளை அடைபட்டு, உள்ளே அழுத்தம் ஏறி, சுவர் விரியும்போது, மூளை அதைத் ‘தொப்புள் வலி’ என்று எடுத்துக்கொள்கிறது. இந்தக் கட்டத்தில் வலி மந்தமாக இருக்கும். எங்கே என்று கேட்டால் பிள்ளை உள்ளங்கையை வயிற்றின் நடுவில் வைத்துத் தடவிக் காட்டும், ஒரு விரலால் காட்டாது.

அடுத்த கட்டம் வேறு. வயிற்றுச் சுவரின் உட்பக்கத்தில் மெல்லிய உறை ஒன்று ஒட்டியிருக்கிறது. அதன் நரம்புகள் தோலின் நரம்புகளைப் போலவே இடத்தைச் சரியாகச் சொல்லும். வீங்கிச் சிவந்த குடல்வால் அந்த உறையைத் தொட்டதும்தான் வலி வலது அடிவயிற்றுக்கு ‘வருகிறது’. உண்மையில் வலி இடம் மாறவில்லை, அழற்சி குடல்வாலைத் தாண்டி உறை வரைக்கும் பரவியிருக்கிறது. இதற்குப் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் ஆகும். உங்கள் மகனுக்கு ராத்திரிக்கும் மறுநாள் மதியத்துக்கும் இடையில் நடந்தது இதுதான். ஆகவே வயிற்று வலியில் இப்போது எங்கே வலிக்கிறது என்பதோடு, எங்கே தொடங்கியது, எத்தனை மணிக்கு எங்கே போனது என்பதையும் கேட்க வேண்டும்.

அவன் வாந்தி எடுத்த நேரமும் ஒரு தடயம். குடல்வால் அழற்சியில் வலி முதலில் வரும், சில மணி நேரம் கழித்து வாந்தி வரும், அதுவும் ஓரிரு தடவையோடு நின்றுவிடும். சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் போனால் பெரும்பாலும் வாந்தி முந்திக்கொள்ளும், பிறகு வயிற்றைப் பிசையும், அடுத்து தண்ணீராகப் பேதி போகும். பேதி போன பிறகு கொஞ்ச நேரம் வலி அடங்கும். பசியையும் கவனியுங்கள். வழக்கமாக நன்றாகச் சாப்பிடும் பிள்ளை பிடித்த பலகாரத்தைக் கூட வேண்டாம் என்று தள்ளினால், அதை வெறும் கேஸ் என்று விடக்கூடாது. காய்ச்சலை நம்பிக் காத்திருக்காதீர்கள். ஆரம்பத்தில் காய்ச்சல் இருக்காது, வந்தாலும் 100 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும்.

காலையில் ஊசி போட்டதும் குறைந்தது எப்படி? கிளினிக்குகளில் வழக்கமாகப் போடுவது குடலின் இறுக்கத்தைத் தளர்த்தும் மருந்தும் வலி மருந்தும்தான். முதல் கட்ட வலிக்கு அது கொஞ்சம் கேட்கும், ஆனால் அடைப்பு அப்படியே இருக்கும். ஊசி போட்டதில் தவறில்லை. ஊசியில் குறைந்ததை ‘சரியாகிவிட்டது’ என்று எடுத்துக்கொள்வதில்தான் ஆபத்து. ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தால் 4 முதல் 6 மணி நேரத்தில் மறுபடி பார்த்தே ஆக வேண்டும்.

பார்ப்பதற்கு வீட்டில் ஒரு வழி உண்டு. ஒரே ஒரு விரலால் வலிக்கும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். இடுப்பின் முன்பக்கம் வலதில் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பிலிருந்து தொப்புளுக்கு ஒரு கோடு போட்டால், எலும்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் வரும் புள்ளியில்தான் குடல்வால் வலி பெரும்பாலும் போய் நிற்கும். 1889-இல் நியூயார்க் அறுவை மருத்துவர் மெக்பர்னி விவரித்த அந்த இடத்தை இன்றும் அவர் பெயரால்தான் சொல்கிறோம். பிள்ளையின் விரல் அங்கே போய் நின்றால், அடுத்து ஓங்கி இருமச் சொல்லுங்கள். பிறகு குதிகாலை உயர்த்தி நின்று பொத்தென்று தரையில் இறக்கச் சொல்லுங்கள். இரண்டிலும் வலது அடிவயிற்றில் சுரீரென்று குத்தினால் உறை வரைக்கும் அழற்சி போய்விட்டது என்று கொள்ளலாம். வண்டியில் போகும்போது வேகத்தடை ஏறி இறங்கினாலே பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொள்வதும் இதே அடையாளம்தான். இத்தனைக்குப் பிறகு கையால் அழுத்தி அழுத்திப் பார்க்க வேண்டியதில்லை, கிளம்பிவிட வேண்டும்.

ஒரு நிலையை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பல மணி நேரம் துடித்த பிள்ளைக்கு, மருந்து எதுவும் கொடுக்காமலே திடீரென்று வலி விட்டுப்போய், சில மணி நேரத்தில் வயிறு முழுக்கப் பரவி, வயிறு பலகை போல் இறுகினால், குடல்வால் வெடித்துவிட்டது என்று பொருள். உள்ளே இருந்த அழுத்தம் வெளியேறியதால் வந்த நிம்மதி அது. ‘நல்லா ஆயிடுச்சு’ என்று வீட்டிலேயே தங்கிவிடுவது இந்த நேரத்தில்தான் நடக்கிறது.

எல்லோருக்கும் வலி இப்படிப் பாடப்புத்தகம் போல நகராது. ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் தொப்புளில் தொடங்கி வலப்பக்கம் போகும். குடல்வால் பெருங்குடலுக்குப் பின்னால் மடிந்திருந்தால் வலி விலாவுக்குக் கீழே இடுப்போரமாக இருக்கும், முன்பக்கம் அழுத்தினால் பெரிதாகத் தெரியாது. இடுப்புக்குழிக்குள் தொங்கினால் அடிக்கடி சிறுநீர் வரும், கொஞ்சம் கொஞ்சமாகப் பேதியும் போகும், நீர்க்கடுப்பு என்று நினைக்கத் தோன்றும். கர்ப்பிணிகளுக்குக் கருப்பை தள்ளுவதால் வலி மேலே வரலாம். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு இடமே சொல்லத் தெரியாது, வெடிப்பதும் சீக்கிரம். அந்த வயதில் 6 மணி நேரத்துக்கு மேல் விடாமல் வலித்தால் இடத்தை ஆராயாமல் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.

வலது அடிவயிற்று வலி என்றாலே குடல்வால் என்றும் இல்லை. பையன்களுக்கு, முக்கியமாக உங்கள் மகன் வயதில், விதை முறுக்கிக்கொண்டாலும் அடிவயிறுதான் வலிக்கும். வெட்கப்பட்டு வயிற்றை மட்டும் சொல்வார்கள். அப்பா தனியாக அழைத்து நேராகக் கேட்க வேண்டும், ஏனென்றால் 6 மணி நேரத்துக்குள் பிரித்துவிட்டால்தான் விதையைப் பெரும்பாலும் காப்பாற்ற முடியும். மாதவிலக்கு தள்ளிப்போன பெண்ணுக்கு ஒருபக்க அடிவயிற்று வலியோடு தலைசுற்றலோ தோள்பட்டை நுனியில் வலியோ சேர்ந்தால், கருக்குழாயில் தங்கிய கரு வெடித்து உள்ளே ரத்தம் கசிகிறதா என்றுதான் முதலில் பார்ப்போம். இதில் காலை வரை காத்திருக்க முடியாது.

தொப்புளுக்கு மேலே வலிப்பதை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் வீட்டுப் பெரியவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். 40 வயதைத் தாண்டியவருக்கு, அதிலும் சர்க்கரை இருப்பவருக்கு, நெஞ்சுக்குழியில் புதிதாக அழுத்துகிற வலி வந்து வியர்த்துக் கொட்டினால், கேஸ் மாத்திரைக்கு முன் ஈசிஜி. இதயத்தின் கீழ்ச்சுவருக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு வந்தால் வலி அங்கே தெரியலாம். வலது விலாவுக்குக் கீழே, எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்ட பிறகு வந்து முதுகுக்குப் போகும் வலி பித்தப்பைக் கல்லுடையதாக இருக்கலாம். சில மணி நேரத்தில் விட்டால் மறுநாள் ஸ்கேன் பார்க்கலாம், காய்ச்சலோ மஞ்சள் கண்ணோ இருந்தால் அன்றே.

வலி இருக்கும்போது செய்யக்கூடாதவை: விளக்கெண்ணெயோ பேதி மாத்திரையோ கொடுப்பது, எனிமா வைப்பது, குடலேற்றம் என்று எண்ணெய் தடவி வயிற்றைப் பிசைவது. வீங்கிய குடல்வாலை இவை வெடிக்க வைக்கக்கூடும். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறவருக்குச் சாப்பாடும் பாலும் வேண்டாம், நாக்கு நனைய ஒன்றிரண்டு வாய்த் தண்ணீர் போதும். வயிறு காலியாக இருந்தால் மயக்க மருந்து கொடுப்பது பாதுகாப்பாக இருக்கும். ஒரு பாரசிட்டமால் கொடுத்திருந்தால் எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்று சொல்லுங்கள், அதை மறைக்க வேண்டாம்.

இனி உங்கள் மகள். அவளும் தொப்புளைத்தான் காட்டுகிறாள், ஆனால் அர்த்தம் வேறு. பள்ளி வயதுக் குழந்தைகளுக்கு மாதக்கணக்கில் வந்து வந்து போகும் தொப்புள் வலியில் பெரும்பாலும் உள்ளே நோய் இருக்காது. வலி தொப்புளைவிட்டு எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவுக்கு நோய் இருக்கும் வாய்ப்பு கூடும் என்று குழந்தை மருத்துவர் ஜான் ஆப்லி சொன்னதை இன்றும் பயன்படுத்துகிறோம். அவளது வலி பொய்யில்லை, குடலின் இயல்பான அசைவையே அவள் நரம்புகள் வலியாக உணர்கின்றன. மலச்சிக்கல் இருந்தால் கூடும். பள்ளிக் கழிப்பறைக்குப் பயந்து மலத்தை அடக்குகிறாளா என்று முதலில் கேளுங்கள். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு 10 நிமிடம் கழிப்பறையில் உட்காரப் பழக்குங்கள், பாதம் தரையில் எட்டாவிட்டால் காலுக்குக் கீழே ஒரு சிறு முக்காலி வையுங்கள். பூச்சி மருந்து கொடுத்து 6 மாதம் ஆகிவிட்டதா என்றும் பாருங்கள்.

தூக்கத்திலிருந்து வலி அவளை எழுப்பினாலோ, எடை குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ குழந்தை மருத்துவரிடம் அந்த வாரமே காட்டுங்கள். வாந்தி பச்சையாக வந்தால் அன்றே. வழக்கமான வலி வரும் நாளிலும் ஒரு விரலால் காட்டச் சொல்லிப் பாருங்கள். கை தொப்புளையே சுற்றிச் சுற்றி வந்து, அரைமணி நேரத்தில் விளையாடப் போய்விட்டால் கவலையில்லை. விரல் வலப்பக்கம் போய் நின்று, குனிந்தபடி நடந்தால், அண்ணனுக்குச் செய்ததைப் போல அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.