டாவோவில் ஓட்டுப் போட்டால் பணம் எப்படி நகர்கிறது? காம்பவுண்டின் 289-ஆம் தீர்மானம்

கேள்வி: டாவோ என்கிறார்களே, அதில் டோக்கன் வைத்திருப்பவர்கள் ஓட்டுப் போட்டு விதியை மாற்றலாம், கஜானாப் பணத்தைச் செலவழிக்கலாம் என்கிறார்கள். நிஜமாகவே ஓட்டுப் போட்டால் பணம் நகருமா, இல்லை, கடைசியில் யாரோ ஒருவர் முடிவெடுப்பாரா?

பதில்:

டாவோ என்பது பிளாக்செயினில் எழுதிய விதிகளின்படி டோக்கன் வைத்திருப்பவர்கள் சேர்ந்து நடத்தும் அமைப்பு. எல்லா டாவோவும் ஒரே மாதிரி இல்லை. சிறிய டாவோக்கள் பலவற்றில் ஸ்னாப்ஷாட் என்ற தளத்தில் செலவில்லாமல் ஓட்டுப் போடுவார்கள். முடிவு வந்ததும் ஐந்தாறு பேர் சேர்ந்து கையெழுத்திடும் கூட்டு வாலட்டிலிருந்து பணம் போகும். அங்கே அந்த ஐந்தாறு பேர் நினைத்தால் முடிவைக் கிடப்பில் போடலாம். அதனால் உங்கள் சந்தேகம் அங்கே நியாயமானதுதான்.

ஆனால் காம்பவுண்ட் போன்ற இடங்களில் ஓட்டு நிஜமாகவே பணத்தை நகர்த்தும். (மதில் சுவர் இல்லை. எதீரியம் என்ற பிளாக்செயினில் கிரிப்டோவைக் கடன் கொடுக்கவும் வாங்கவும் உதவும் அமைப்பு. அதன் டோக்கனின் பெயர் காம்ப், மொத்தம் ஒரு கோடி.) நான் கொஞ்சம் காம்ப் வைத்திருந்தேன். 2024 ஜூலையில் அங்கே நடந்த கூத்தை உட்கார்ந்து பார்த்தேன். அதை வைத்தே சொல்கிறேன்.

முதலில், அங்கே தீர்மானம் என்பது "இதைச் செய்யலாமா?" என்று கேட்கும் கடிதம் இல்லை. அதற்குள்ளேயே இயங்கக்கூடிய கட்டளை இருக்கும். கான்ட்ராக்ட் என்றால் பிளாக்செயினில் தானாக ஓடும் நிரல்; எந்தக் கான்ட்ராக்டில், எந்தச் செயலை, என்ன மதிப்புகளோடு அழைக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதித்தான் தீர்மானத்தைப் பதிவு செய்ய முடியும். கஜானாவிலிருந்து ஒருவருக்கு 1,000 காம்ப் தர வேண்டுமென்றால், ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
target:    Comptroller
signature: _grantComp(address,uint256)
calldata:  (recipient, 1000e18)
```

ஓட்டு ஜெயித்தால் இந்த வரி அப்படியே ஓடும். கடன் வட்டி வீதத்தை மாற்றுவதும், புது டோக்கனை அடமானமாக ஏற்பதும் இதே வழியில்தான். மேலே எழுதியிருக்கும் விளக்கத்தில் என்ன சொல்லியிருந்தாலும் ஓடப்போவது கீழே இருக்கும் கட்டளைதான். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பவர்கள் மிகக் குறைவு.

அப்படியானால் யார் வேண்டுமானாலும் "எனக்குப் பத்தாயிரம் காம்ப் கொடு" என்று எழுதலாமே? அதைத் தடுக்க நிற்பவை சில எண்கள் மட்டுமே. அப்போதைய கணக்குப்படி, தீர்மானம் கொண்டுவர 25,000 காம்ப் அளவுக்கு ஓட்டு கையில் இருக்க வேண்டும். பதிவு செய்ததும் சுமார் இரண்டு நாள் காத்திருப்பு, அப்புறம் சுமார் மூன்று நாள் ஓட்டெடுப்பு. ஆதரவு எதிர்ப்பைவிட அதிகமாக இருக்க வேண்டும். அதோடு ஆதரவு ஓட்டு மட்டுமே 4,00,000-ஐத் தொட வேண்டும். ஜெயித்த பிறகும் உடனே ஓடாது, டைம்லாக் என்ற கான்ட்ராக்டில் இன்னும் இரண்டு நாள் கிடக்கும். ஆக மொத்தம் ஒரு வாரம். தோற்றதா இல்லையா என்பதை அப்போது தீர்மானித்த வரி இவ்வளவுதான்:

```
proposal.forVotes <= proposal.againstVotes
  || proposal.forVotes < quorumVotes
```

இதில் புதிதாக வருபவர்கள் இடறும் இடம் ஒன்று உண்டு. நானும் இடறினேன். டோக்கன் வாலட்டில் இருந்தால் மட்டும் ஓட்டுரிமை வந்துவிடாது. `delegate` என்ற செயலை ஒருமுறை அழைத்து, அந்த உரிமையை யாருக்காவது ஒப்படைக்க வேண்டும். நீங்களே ஓட்டுப் போடுவதென்றாலும் உங்களுக்கு நீங்களே ஒப்படைத்துக்கொள்ள வேண்டும். அதுவும் எப்போது செய்கிறீர்கள் என்பது முக்கியம். ஓட்டெடுப்பு தொடங்கும் பிளாக்கில், அதாவது பரிவர்த்தனைகள் வரிசையாகப் பதிவாகும் ஏட்டின் அந்தப் பக்கத்தில், யாரிடம் எவ்வளவு ஓட்டு இருந்ததோ, அதுதான் அந்தத் தீர்மானம் முடியும் வரை கணக்கு. அதற்குப் பிறகு ஒரு லட்சம் காம்ப் வாங்கினாலும் அந்த ஓட்டெடுப்பில் உங்களுக்குப் பூஜ்யம்தான். தேர்தல் அறிவித்த பிறகு வாக்காளர் பட்டியலில் பெயர் தேடும் கதைதான்.

சரி, 289-க்கு வருவோம். ஹம்ப்பி என்ற புனைபெயரில் இயங்கும் ஒரு பெரும் முதலீட்டாளர், அவரைச் சேர்ந்த கோல்டன் பாய்ஸ் என்ற குழு. கஜானாவிலிருந்து 4,99,000 காம்பைத் தங்கள் கோல்ட்காம்ப் என்ற பெட்டகத்துக்கு மாற்ற வேண்டும், சும்மா கிடக்கும் டோக்கன் அங்கே வருமானம் ஈட்டும் என்பது அவர்கள் கோரிக்கை. அன்றைய விலையில் சுமார் 2.4 கோடி டாலர். அதற்கு முன்பும் முயன்று பார்த்து நடக்காமல் போன கோரிக்கைதான். மூன்றாம் முறை, ஓட்டெடுப்பு வார இறுதியை ஒட்டி வந்தது. முடிந்த நாள் ஜூலை 28, ஞாயிற்றுக்கிழமை.

முடிவு: ஆதரவு 6,82,191. எதிர்ப்பு 6,33,636. தீர்மானம் ஜெயித்தது.

வித்தியாசம் ஐம்பதாயிரத்துக்கும் குறைவு என்பதைத்தான் அன்று எல்லாரும் பேசினார்கள். எனக்கு உறுத்தியது வேறு. மொத்தம் இருப்பது ஒரு கோடி காம்ப். ஆதரவு ஓட்டு அதில் ஏழு சதவீதம்கூட இல்லை. இரு தரப்பையும் கூட்டினாலும் பதின்மூன்று சதவீதத்தைச் சற்றே தாண்டும். மீதி எங்கே? கொஞ்சம் கஜானாவிலேயே இருக்கிறது, கொஞ்சம் எக்ஸ்சேஞ்சுகளில், கொஞ்சம் என்னைப் போல ஒப்படைக்காமல் மறந்தவர்களின் வாலட்டில். விஷயம் சூடுபிடித்த பிறகுதான் நான் பக்கத்தைத் திறந்தேன். ஓட்டுப் பட்டனை அழுத்தப் போனால் என் ஓட்டு 0 என்று காட்டியது. அவசரமாக `delegate` செய்தேன். அதற்கான கட்டணம் போனதுதான் மிச்சம், ஓட்டெடுப்பு தொடங்கிய பிளாக் கடந்து ஒரு நாளுக்கு மேல் ஆகியிருந்தது. என்னிடம் இருந்தது நான்கு காம்ப்கூட இல்லை, அது எதையும் மாற்றியிருக்காது. ஆனால் என்னைப் போலப் பத்தாயிரம் பேர் ஆளுக்கு ஐந்து காம்ப் வைத்து ஒப்படைத்திருந்தால் முடிவு திரும்பியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கேட்ட தொகை 4,99,000, குறைந்தபட்ச ஆதரவு எல்லை 4,00,000. காம்ப் வெறும் பணமாக இருந்தால் பரவாயில்லை, அதுவே ஓட்டும்கூட. போகும் டோக்கனின் ஓட்டுரிமை பெறுபவர் கையில் சிக்கினால், அடுத்த தீர்மானத்துக்கான எல்லையை அதை வைத்தே தாண்டிவிடலாம். எதிர்த்தவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது இதுதான். சொந்த டோக்கனையே கஜானாவில் வைத்திருக்கும் எந்த டாவோவிலும் பெரிய செலவுத் தீர்மானம் என்பது ஓட்டுரிமையையும் தூக்கிக் கொடுப்பதாக ஆகிவிடக்கூடும்.

பலர் இதைத் தாக்குதல் என்றார்கள். ஹம்ப்பி தரப்போ, விதிப்படி டோக்கன் வைத்து, விதிப்படி ஜெயித்தோம் என்றது. எந்த நிரலும் உடைக்கப்படவில்லை, எந்தக் கணக்கும் திருடப்படவில்லை என்பது உண்மைதான். நான் எதிர்த்தவர்கள் பக்கம். இருந்தாலும் "இது செல்லாது" என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

அப்புறம் பணம் போனதா? போகவில்லை. காப்பாற்றியது டைம்லாக்கின் அந்த இரண்டு நாள். அந்த இடைவெளியில் இரு தரப்பும் பேசினார்கள். அமைப்புக்குச் சேரும் கையிருப்பில் ஒரு பங்கை, காம்பை முடக்கி வைப்பவர்களுக்குத் தரும் ஒரு திட்டத்தைக் கொண்டுவருவதாக எதிர்த்தரப்பு முன்வந்தது. பதிலுக்கு 289-ஐ, அது ஓடுவதற்குள், கொண்டுவந்தவர்களே ரத்து செய்தார்கள். அப்போதைய விதியில் ரத்து செய்ய அவர்களால்தான் முடியும். அவர்களுடைய ஓட்டு 25,000-க்குக் கீழே இறங்கினால் மட்டும் மற்றவர்கள் ரத்து செய்யலாம். ஆறு லட்சத்துக்கு மேல் ஆதரவு திரட்டியவர்களிடம் அது நடக்கிற காரியமா? ஆக, கடைசியில் முடிவானது மனிதர்கள் பேசிய பேரத்தில்தான். உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு அரைகுறையாக "ஆமாம்" என்று சொல்ல வைக்கும் இடம் இது.

இந்தக் காத்திருப்பு எல்லாம் வெட்டி என்று நினைத்தால் பீன்ஸ்டாக்கைப் பாருங்கள். 2022 ஏப்ரல் 17. அங்கே மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு இருந்தால், தீர்மானம் பதிவாகி ஒரு நாள் கழிந்ததும் `emergencyCommit` மூலம் உடனே ஓட்டிவிடலாம். ஓட்டும் பழைய பிளாக்கின் கணக்குப்படி எண்ணப்படவில்லை, அந்த நொடியில் கையில் இருப்பதுதான் கணக்கு. ஒருவர் முந்தைய நாளே தீர்மானத்தைப் போட்டு வைத்தார். மறுநாள் ஃபிளாஷ் லோன், அதாவது ஒரே பரிவர்த்தனைக்குள் வாங்கித் திருப்பிக் கட்டும் கடன், சுமார் நூறு கோடி டாலர் எடுத்தார். அதை வைத்து ஓட்டுரிமை பெற்று, ஓட்டுப் போட்டு, கஜானாவைத் தனக்கு மாற்றி, கடனையும் கட்டிவிட்டார். அமைப்புக்கு நஷ்டம் சுமார் 18 கோடி டாலர். காம்பவுண்டில் இந்த வித்தை பலிக்காது, ஏனென்றால் கடன் வாங்கிய டோக்கன் ஓட்டெடுப்பு தொடங்கிய பிளாக்கில் உங்களிடம் இருந்திருக்காது.

அதே காத்திருப்பு கழுத்தையும் நெரிக்கும். 2021 செப்டம்பர் இறுதியில் காம்பவுண்டின் 62-ஆம் தீர்மானம் ஜெயித்து ஓடியது. டோக்கன் விநியோகத்தைச் சீராக்கும் சாதாரண மாற்றம்தான். நிரலில் ஒரு பிழை இருந்ததால், சிலருக்குச் சேர வேண்டியதைவிடப் பல மடங்கு காம்ப் கொட்டத் தொடங்கியது. எல்லாருக்கும் தெரிகிறது, நிறுத்த மட்டும் ஆள் இல்லை. நிறுத்துவதற்கும் ஒரு தீர்மானம் வேண்டும், அதற்கும் ஒரு வாரம் ஆகும். கோடிக்கணக்கான டாலர் மதிப்புள்ள டோக்கன் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

நீங்கள் ஏதாவது டாவோவில் டோக்கன் வாங்கப்போகிறீர்கள் என்றால், அதன் கவர்னன்ஸ் பக்கத்தில் ஜெயித்த கடைசிப் பத்துத் தீர்மானங்களைத் திறந்து, ஆதரவு ஓட்டில் எத்தனை வாலட்டிலிருந்து எவ்வளவு வந்தது என்று பாருங்கள். மூன்று நான்கு பெயர்களே திரும்பத் திரும்பக் குறைந்தபட்ச எல்லையைத் தாண்டவைக்கின்றன என்றால், அங்கே முடிவெடுப்பது யார் என்று தெரிந்துவிடும். வாங்கிய அன்றே `delegate` செய்துவிடுங்கள். நான் இப்போது தொடர்ந்து ஓட்டுப் போடும் ஒருவருக்கு என்னுடையதை ஒப்படைத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கட்டணம் கட்டி மூன்றரை காம்ப் ஓட்டைப் போட எனக்குக் கட்டுப்படியாகவில்லை.